ஐம்பத்திரண்டாவது சீட்டு

கணினியிலோ செல்போனிலோ சீட்டு ஆடுகிறவர்களிடம் ஒரு புகார் எப்போதும் இருக்கும். "கட்டு சரியாவே கலையலை. மூணு ஏழு அடுத்தடுத்து வருது. வேணும்னே பண்றான்." இதைக் கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு, உடனே நம்பிவிடுகிறவர்களும் உண்டு. எண்ணிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

முதலில் சிரிப்பவர்கள் பக்கத்தைப் பார்த்துவிடலாம். 52 சீட்டுள்ள ஒரு கட்டை எந்தக் குறையுமின்றிக் கலைத்து வரிசையாகப் பரப்பினால், இரண்டு ஏழு, இரண்டு ராணி என்று ஒரே எண்ணோ படமோ உள்ள இரு சீட்டுகள் எங்காவது ஓரிடத்தில் ஒட்டி நிற்க வாய்ப்பு 95 சதவீதம். ஒரு ஜோடிகூட ஒட்டாமல் வருவதுதான் அபூர்வம். நம் மனம் 'கலைந்தது' என்று எதிர்பார்ப்பது சமமாகப் பிரித்து அடுக்கியதை. நிஜமான கலைப்பில் கொத்து கொத்தாகத்தான் சீட்டு நிற்கும். பிரிட்ஜ் ஆட்டக் கிளப்புகளில் கணினி கலைத்த கட்டுகள் வந்தபோது, ஒரே இனத்தில் ஏழெட்டுச் சீட்டு ஒரே கைக்கு அடிக்கடி வருகிறது என்று ஆட்டக்காரர்கள் குறைப்பட்டார்கள். அங்கே கணினியின் மேல் குற்றமில்லை. அதுவரை கையால் அரைகுறையாகக் கலைத்த கட்டில் ஆடிப் பழகியவர்களுக்குச் சரியான கலைப்பு விபரீதமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆனால் புகார் எல்லாமே பிரமை என்று தள்ளிவிடவும் முடியாது. 1999-இல் நடந்த ஒன்று அதற்குச் சாட்சி.

இணையத்தில் காசு வைத்துப் போக்கர் ஆடுவது அப்போதுதான் தொடங்கியிருந்தது. பிளானட் போக்கர் என்ற தளத்துக்கு ஆட்ட மென்பொருளை எழுதிக்கொடுத்தது ஏ.எஸ்.எஃப். சாஃப்ட்வேர் என்ற நிறுவனம். கண்ணுக்குத் தெரியாத கட்டை நம்பி யார் காசு வைப்பார்கள்? நம்பிக்கை வரட்டும் என்று, தாங்கள் கலைக்கும் முறையையே அந்த நிறுவனம் பகிரங்கமாக வெளியிட்டது. அமெரிக்காவில் ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தில் மென்பொருள் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சிலர் அதைப் படித்தார்கள். சில வரிகளே உள்ள அந்த நிரலில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகள் இருந்தன. பாஸ்கல் மொழியில் எழுதப்பட்டிருந்த அதன் உயிர்ப்பகுதி இவ்வளவுதான்:

```
randomize;
for ctr := 1 to 52 do begin
  random_number := random(51)+1;
  tmp := card[random_number];
  card[random_number] := card[ctr];
  card[ctr] := tmp;
end;
```

நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதைப் பின்தொடரலாம். 52 சீட்டும் வரிசையாக மேசையில் இருக்கின்றன. முதல் இடத்தில் விரலை வைத்து, ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அந்த எண்ணுள்ள இடத்துச் சீட்டையும் விரலடியில் உள்ள சீட்டையும் இடம் மாற்றுகிறோம். பிறகு இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று 52 வரை இதையே செய்கிறோம். படித்தால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. எல்லாச் சீட்டும் ஒருமுறையாவது கைபட்டுவிடுகிறதே!

முதல் கோளாறு `random(51)+1` என்ற இடத்தில். பாஸ்கலில் `random(51)` என்றால் 0 முதல் 50 வரை ஓர் எண் வரும். ஒன்றைக் கூட்டினால் 1 முதல் 51 வரை. 52 வரவே வராது. அதனால் கடைசிச் சுற்றுவரை 52-ஆம் இடத்துச் சீட்டை யாரும் தொடுவதில்லை. அது புதுக்கட்டில் இருந்தபடியே கிடக்கும். கடைசிச் சுற்றில் விரல் அதன்மேல் வரும்போது, அது கட்டாயம் வேறோர் இடத்துக்குப் போயாக வேண்டும், ஏனென்றால் தன்னோடு தானே மாற 52 என்ற எண் வர வழியில்லை. ஆக அந்தக் கட்டில் ஐம்பத்திரண்டாவது சீட்டு ஒருபோதும் கடைசியில் வராது. ஒழுங்கான கலைப்பில் 52 ஆட்டத்துக்கு ஒருமுறையாவது சராசரியாக அது அங்கே வரவேண்டும்.

இந்த ஒரு பிழையால் மேசையில் யாருக்கும் பெரிய லாபமோ நஷ்டமோ வந்திருக்காது என்பது என் கணிப்பு. அது ஓர் எழுத்துப்பிழை மாதிரி. 51-ஐ 52 ஆக்கினால் போயிற்று. இரண்டாவது கோளாறு அப்படியல்ல. 52 என்று திருத்திய பிறகும் அது அப்படியே இருக்கும். இன்றைக்கும் முதன்முதலாகச் சீட்டாட்ட நிரல் எழுதுகிறவர்களில் பலர் விழும் குழி அதுதான்.

52 சீட்டில் அதைக் காண்பது கடினம். மூன்று சீட்டை எடுத்துக்கொள்வோம்: ராஜா, ராணி, ஜாக்கி, இதே வரிசையில். மேலே சொன்ன முறையில், ஆனால் எண் பிழையைத் திருத்தி, 1 முதல் 3 வரை எந்த இடத்தோடும் மாற்றலாம் என்று வைத்துக் கலைப்போம். முதல் சுற்றில் மூன்று வாய்ப்பு. ராஜா தன் இடத்திலேயே நிற்கலாம், ராணியோடு மாறலாம், ஜாக்கியோடு மாறலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் சுற்றில் மூன்று, அதற்கும் மூன்றாம் சுற்றில் மூன்று. மொத்தம் 3 × 3 × 3 = 27 பாதைகள். எல்லாப் பாதைக்கும் வாய்ப்பு சமம்.

மூன்று சீட்டை எத்தனை வரிசையில் அடுக்க முடியும்? ஆறே ஆறு. 27 பாதைகளும் இந்த ஆறு வரிசைகளில் போய் முடிந்தாக வேண்டும். 27-ஐ ஆறால் மீதியின்றி வகுக்க முடியாது. அப்படியானால் சில வரிசைக்கு அதிகப் பாதையும் சிலவற்றுக்குக் குறைந்த பாதையும் கிடைத்தே தீரும். ஒரு தாளில் 27 பாதையையும் எழுதிப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது:

```
ராஜா  ராணி  ஜாக்கி   4
ராஜா  ஜாக்கி ராணி    5
ராணி  ராஜா  ஜாக்கி   5
ராணி  ஜாக்கி ராஜா    5
ஜாக்கி ராஜா  ராணி    4
ஜாக்கி ராணி  ராஜா    4
```

மேல்சீட்டு எது என்று பந்தயம் கட்டுகிறவர் இதை இப்படிப் படிப்பார்: ராணிக்கு 27-இல் 10 வாய்ப்பு, ராஜாவுக்கு 9, ஜாக்கிக்கு 8. மூன்றும் ஒன்பது ஒன்பதாக இருந்திருக்க வேண்டும். எப்போதும் ராணி மேலேயே பணம் வைப்பவர், எப்போதும் ஜாக்கி மேல் வைப்பவரைவிட நான்கில் ஒரு பங்கு அதிகமாக ஜெயிப்பார். கலைக்கும் நிரலை எழுதியவர் யாருக்கும் துரோகம் நினைக்கவில்லை. எண் குலுக்கலிலும் குறையில்லை. ஆனாலும் கட்டு ராணி பக்கம் சாய்ந்துவிட்டது.

52 சீட்டிலும் இதே வகுத்தல்தான் காலை வாருகிறது. 52-ஐ 52 முறை பெருக்கி வரும் எண்ணை மூன்றால் வகுக்க முடியாது, ஏனென்றால் 52 என்பது 4-உம் 13-உம் மட்டுமே சேர்ந்தது. 52 சீட்டை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கையோ 1 × 2 × 3 என்று தொடங்கி 52 வரை பெருக்கியது. மூன்றால் தாராளமாக வகுபடும். அந்தப் பாதைகளை இந்த வரிசைகளுக்குச் சமமாகப் பங்கிட வழியே கிடையாது. ஏ.எஸ்.எஃப். எழுதிய 51 கணக்கில் நிலைமை இன்னும் வேடிக்கை. 51-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படை எண்தான் வரும். அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை இரட்டைப்படை.

"சரி, இரண்டு தரம் கலைத்துவிட்டால்?" என்று கேட்கத் தோன்றும். பலரும் செய்யும் வைத்தியம் இது. சாய்வு குறையும், ஒழியாது. மூன்று சீட்டை இருமுறை கலைத்தால் 729 பாதைகள். அதுவும் ஆறால் வகுபடாது. நூறு தரம் கலைத்தாலும் மூன்றை மூன்றாலேயே பெருக்கி வருவது எப்போதும் ஒற்றைப்படைதான்.

சரியான வழி கணினிக்கு முந்தியது. ரொனால்ட் ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ் என்ற இரு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் 1938-இல் வெளியிட்ட அட்டவணைப் புத்தகத்தில் அது இருக்கிறது. அவர்கள் கவலை சீட்டுக்கட்டைப் பற்றியது அல்ல. வேளாண், உயிரியல் சோதனைகளில் எதை எந்த வரிசையில் வைப்பது என்பது. எண்களை வரிசையாக எழுதிக்கொள், இன்னும் அடிக்கப்படாதவற்றில் குலுக்கல் முறையில் ஒன்றைத் தேர்ந்து அடித்துவிட்டுத் தனியே எழுது, மீதியில் மறுபடி ஒன்றைத் தேர்ந்தெடு. அவ்வளவே அவர்கள் சொன்னது. அடித்து எழுதுவதற்குப் பதில் அந்த இடத்திலேயே மாற்றிவைத்துக்கொள்ளலாம் என்று கணினிக்கு ஏற்றபடி அதைச் சுருக்கியவர் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட், 1964-இல். டொனால்ட் நூத் தன் புகழ்பெற்ற நூல்வரிசையில் சேர்த்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஃபிஷர்–யேட்ஸ் கலைப்பு என்றும் நூத் கலைப்பு என்றும் அழைப்பார்கள். பைத்தான் மொழியில் எழுதினால்:

```
import secrets

def kalai(cards):
    for i in range(len(cards) - 1, 0, -1):
        j = secrets.randbelow(i + 1)
        cards[i], cards[j] = cards[j], cards[i]
```

பழைய நிரலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே இடத்தில்தான். கடைசி இடத்திலிருந்து தொடங்குகிறோம். 52 சீட்டில் ஒன்றைக் குலுக்கி எடுத்துக் கடைசியில் வைக்கிறோம். அந்தச் சீட்டின் கதை முடிந்தது. இனி அதைத் தொடுவதில்லை. மீதி 51-இல் ஒன்றைத் தேர்ந்து அதற்கு முந்தைய இடத்தில் வைக்கிறோம். பிறகு 50-இல் ஒன்று. பழைய முறையில் ஏற்கெனவே இடம் முடிவான சீட்டும் மறுபடி மறுபடி குலுக்கலுக்கு வந்துகொண்டிருந்தது. சாய்வு புகுந்தது அந்த வழியாகத்தான்.

அதே மூன்று சீட்டில் இதைப் போட்டுப் பாருங்கள். கடைசி இடத்துக்கு மூன்று வாய்ப்பு, நடு இடத்துக்கு இரண்டு, முதலிடத்துக்கு மிஞ்சியது ஒன்று. 3 × 2 × 1 = 6 பாதைகள், ஆறு வரிசைகள். ஒரு வரிசைக்கு ஒரு பாதை. வேலையும் பழையதைவிட ஒரு சுற்று குறைவு.

இந்தச் சின்ன நிரலிலும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. `i + 1` என்பதில் உள்ள ஒன்றை விட்டுவிட்டு `i` என்று மட்டும் எழுதினால், எந்தச் சீட்டும் தன்னோடு தானே மாற முடியாது. அதாவது இருந்த இடத்திலேயே தங்கும் உரிமை போய்விடும். மூன்று சீட்டில் ஆறு வரிசைக்குப் பதில் இரண்டே வரிசைகள்தான் திரும்பத் திரும்ப வரும். 52 சீட்டில் சாத்தியமான வரிசைகளில் 52-இல் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சும். கட்டைப் பார்த்தால் நன்றாகக் கலைந்தது போலவே இருக்கும். சாண்ட்ரா சாட்டோலோ என்பவர் 1986-இல் வேறொரு தேவைக்காக இதைத் தெரிந்தே ஒரு முறையாக முன்வைத்தார். சீட்டாட்டத்தில் தெரியாமல் எழுதினால் அது பிழை.

இன்னொரு குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது. அடுக்கும் கட்டளையை அழைத்து, "எது பெரியது?" என்று அது கேட்கும்போதெல்லாம் காசு சுண்டிப் பதில் சொல்வது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வரியில் எழுதிவிடலாம் என்பதால் பலருக்கு இது பிடிக்கும். அடுக்கும் முறைகள் எல்லாம் ஒருமுறை சொன்ன பதில் மாறாது என்று நம்பிக் கட்டப்பட்டவை. மாறி மாறிச் சொன்னால் விளைவு கோணலாகும். 2010-இல் மைக்ரோசாஃப்ட் ஐரோப்பியப் பயனர்களுக்கு உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரை ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. ஐந்து முன்னணி உலாவிகளும் பாகுபாடின்றி இடம் மாறி வரவேண்டும் என்பது ஏற்பாடு. இந்தக் குறுக்குவழியில் எழுதியதால், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்த்தபோது அதன் சொந்த உலாவியே சுமார் பாதி முறை ஐந்தாவது இடத்தில் போய் நின்றது. தனக்குத்தானே சூழ்ச்சி செய்துகொண்ட நிறுவனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கவனக்குறைவுதான். வெளியே தெரிந்ததும் திருத்திவிட்டார்கள்.

உங்கள் நிரல் சாய்கிறதா என்று கண்டுபிடிக்க 52 சீட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். அதே நிரலில் மூன்று சீட்டைப் போட்டு ஆறு லட்சம் முறை கலைக்கச் சொல்லி, ஆறு வரிசைகளும் எத்தனை முறை வந்தன என்று எண்ணுங்கள். கணினிக்கு இது சில விநாடி வேலை. ஒழுங்கான கலைப்பில் ஒவ்வொன்றும் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். தற்செயலால் இருபுறமும் சில நூறு கூடக்குறைய இருக்கலாம். ஆயிரத்தைத் தாண்டி விலகினால் சந்தேகப்படலாம். பழைய முறையைப் போட்டால் மூன்று வரிசைகள் 1,11,000-ஐ ஒட்டியும், மூன்று வரிசைகள் 89,000-ஐ ஒட்டியும் நிற்கும். ஒவ்வொரு முறையும் கட்டை புதுக்கட்டு வரிசைக்குத் திருப்பிவிட்டுக் கலைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. போன முறை கலைந்த கட்டையே மேலும் மேலும் கலைத்துக்கொண்டு போனால் சாய்வு கரைந்து, பிழை கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இந்தச் சோதனை ஒன்றை மட்டும் காட்டாது. பிளானட் போக்கரின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருந்தது.

மேலே தந்த நிரலின் முதல் வரியை மறுபடி பாருங்கள்: `randomize`. கணினி குலுக்கும் எண்கள் சூத்திரத்திலிருந்து வருபவை. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அடுத்தடுத்து வருபவை எல்லாம் அதிலிருந்தே பிறக்கும்; அதே தொடக்க எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே வரிசை அட்சரம் பிசகாமல் திரும்ப வரும். இந்த மென்பொருளில் அந்தத் தொடக்க எண், நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவிநாடிகள். ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லிவிநாடிகள்தான் உண்டு. 52 சீட்டை அடுக்கும் வழிகளோ 68 இலக்க எண். அத்தனை வழிகளிலிருந்து ஒரு நாளில் வரக்கூடிய கட்டுகள் ஒன்பது கோடிகூட இல்லை.

ஆராய்ந்தவர்கள் தங்கள் கணினிக் கடிகாரத்தைத் தளத்தின் கடிகாரத்தோடு ஒத்துவைத்தார்கள். அதனால் சோதிக்க வேண்டிய தொடக்க எண்கள் சுமார் இரண்டு லட்சமாகச் சுருங்கின. ஆட்டத்தில் கைக்கு இரண்டு சீட்டு வருகிறது. மேசையில் எல்லாருக்கும் பொதுவாக மூன்று சீட்டு திறக்கப்படுகிறது. கையில் இரண்டு, மேசையில் மூன்று என்று ஐந்து சீட்டு அமைய சுமார் 2 கோடியே 60 லட்சம் வழிகள் உண்டு. இரண்டு லட்சம் கட்டுகளில் கண்ணால் கண்ட இந்த ஐந்தோடு பொருந்துவது அநேகமாக ஒன்றே ஒன்றுதான். அது எது என்று தெரிந்துவிட்டால் எதிராளிகள் ஒவ்வொருவர் கையில் இருப்பதும், அடுத்துத் திறக்கப்போகும் சீட்டும் திரையில் வந்துவிடும். அதைச் செய்யும் மென்பொருளையும் அவர்கள் எழுதிக் காட்டினார்கள். எதிராளிகள் அனைவரின் சீட்டையும் பார்த்தபடி ஆடும் ஒருவரிடம் மற்றவர்கள் காசு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஃபிஷர்–யேட்ஸ் மட்டும் காப்பாற்றாது. அதே கடிகாரத்தை ஊற்றாக வைத்து எவ்வளவு நியாயமாகக் கலைத்தாலும், கட்டைக் கணிக்க வழி திறந்தே கிடக்கும். ஆறு லட்சம் முறை சோதித்தாலும் ஆறு வரிசைகளும் ஒழுங்காக வந்து நம்மை ஏமாற்றும். ஒரே கட்டில் சாத்தியமான எல்லா வரிசைகளும் வரவேண்டுமானால் குறைந்தது 226 பிட் அளவுள்ள, யாரும் யூகிக்க முடியாத தொடக்கம் தேவை. அதனால்தான் மேலே உள்ள பைத்தான் நிரலில் `secrets` என்ற பகுதியைப் பயன்படுத்தியிருக்கிறேன். அது கடிகாரத்தை நம்பாமல், கடவுச்சொற்களுக்கும் ரகசியக் குறியீடுகளுக்கும் இயங்குதளம் தரும் குலுக்கலை எடுத்துக்கொள்கிறது.

`randbelow` கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். இயங்குதளம் தருவது 0 முதல் 255 வரையிலான ஒரு பைட் என்று வைத்துக்கொள்வோம். அதை 52-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் போதும் என்று தோன்றும். 256-இல் 52 நான்கு முறை போக 48 மிஞ்சுகிறது. ஆகவே 0 முதல் 47 வரை ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாய்ப்பு. கடைசி நான்கு எண்களுக்கு மட்டும் நான்கு. வாசலில் விரட்டிய சாய்வு கொல்லை வழியாக வந்துவிட்டது. சரியான மருந்து, 208-உம் அதற்கு மேலும் வந்தால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கேட்பது. நல்ல நூலகங்கள் இதைத் தாமே செய்துவிடுகின்றன.

பைத்தானில் `random.shuffle` என்று ஏற்கெனவே இருப்பது ஃபிஷர்–யேட்ஸ்தான். வீட்டுக் குழந்தைகளுக்கான ஆட்டத்துக்கு அதுவே தாராளம். காசோ பரிசோ புழங்கும் ஆட்டம் என்றால் `random.SystemRandom().shuffle` என்று எழுதுங்கள். சொந்தமாக ஒரு கலைப்பைக் கண்டுபிடிக்க வேண்டாம். ஆடுகிறவர்கள், கட்டின் மேல் சந்தேகம் வந்தால் மூன்று ஏழு சேர்ந்து வந்த கதையைச் சொல்லாமல், எந்த முறையில் கலைக்கிறீர்கள், குலுக்கல் எண் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளை நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்தில் காசு வைக்காதீர்கள்.